பழைய கார் வாங்குறவங்க பண்ற தப்பு: ஞாயிறு கூட்டத்துல பேசப் போறது, உங்க அனுபவத்தையும் போடுங்க

ஓய்வு சர்வேயர்

நம்ம நகர் சங்கக் கூட்டத்துல பத்து நிமிஷம் பேசச் சொல்லிருக்காங்க. பழைய கார் வாங்குறதுல தப்புன்னு ஆரம்பிச்சா விடிய விடிய பேசலாம், அதனால ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துக்கிறேன், தண்ணில மூழ்கின கார். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் சர்வே பாத்தவன்ங்கிற முறையில எனக்கு நல்லா தெரிஞ்சது அதுதான்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப சென்னை பள்ளிக்கரணையில அபார்ட்மென்ட் வாசல்ல கார் வரிசையா மிதந்து போச்சே, வீடியோ பாத்திருப்பீங்க. அதே மாசம் 17, 18 தேதில தூத்துக்குடி திருநெல்வேலில வெள்ளம். அந்தக் காரெல்லாம் காயலான் கடைக்குப் போயிருச்சுன்னா நினைக்கிறீங்க? ரிப்பேர் செலவு, பாலிசில வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு, அதான் ஐடிவி, அதுல முக்கால் பங்கைத் தாண்டினா கம்பெனி டோட்டல் லாஸ்னு முடிச்சுரும். ஓனருக்குப் பணம் வந்துரும், வண்டிய சால்வேஜ் வாங்குறவன் ஏலத்துல எடுத்துருவான். பல கேஸ்ல ஆர்சி ரத்தாகாம வண்டியோடவே கை மாறிரும். அப்புறம் சீட்டைக் கழட்டி வெயில்ல காயவச்சு, கார்பெட் மாத்தி, பாலிஷ் போட்டு, அந்த வெள்ளம் வராத ஊருக்குக் கொண்டு வந்து விப்பாங்க. நம்ம மதுரை அதுக்கு ரொம்பத் தோதான ஊரு, ரெண்டு பக்கத்துலருந்தும் வந்து சேரும்.

நம்ம ஆளுங்க பண்றது என்னன்னா, பெயின்ட்டப் பாப்பாங்க, கிலோமீட்டர் பாப்பாங்க, டயர உதைச்சுப் பாப்பாங்க. தண்ணி ஏறின வண்டில இது மூணுமே பளிச்சுன்னு இருக்கும்.

போன வருஷம் பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தருக்காக ஒரு வண்டி பாக்கப் போனேன். 2021 ஆகஸ்ட்ல எடுத்த பெட்ரோல் ஹேட்ச்பேக், சென்னைப் பக்கத்து டிஎன் 22, ஒரே ஓனர், 38 ஆயிரம் கிலோமீட்டர். மார்க்கெட்ல அதே வண்டி அஞ்சே முக்காலுக்குப் போய்ட்டு இருந்துச்சு, புரோக்கர் 4.90 சொன்னார். வண்டியத் தொடுறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் பேப்பரக் கேட்டேன். கிளெய்ம் போடாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடிதான் என்சிபி. 2022ல ரின்யூ பண்ணப்ப அது 20 சதவீதம், 2023ல 25, அப்ப 2024ல 35 இருக்கணும்ல, பேப்பர்ல பூஜ்யம்னு இருக்கு. அப்ப 2023 ஆகஸ்ட்டுக்கும் 2024 ஆகஸ்ட்டுக்கும் நடுவுல ஏதோ கிளெய்ம் போட்டிருக்காங்க. கேட்டா "பம்பர் சார், சின்னக் கீறல்"ங்குறார். பம்பருக்காக 35 சதவீதத்த விடுற ஆளும் இருக்காங்கதான், அதனால அத மட்டும் வச்சு முடிவு பண்ணல.

டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்தேன். புதுசா, சுத்தமா இருக்கு. ஆனா பெல்ட்டோட அடில தையல் போட்ட லேபிள் ஒண்ணு இருக்கும், தயாரிச்ச தேதி அதுல இருக்கும். வண்டி 2021, பெல்ட் 2024. பக்கத்து சீட்டும் அப்படியே. அப்புறம் பின் சீட்டு நடு பெல்ட்ட இழுத்தேன், யாரும் போடாத பெல்ட் அது, அதனால மாத்துறவனும் மறந்துருவான். முக்காவாசி வந்த பிறகு ஒரு சாண் நீளத்துக்கு செம்மண் கலர்ல கோடு, நகத்தால சுரண்டினா மாவு மாதிரி உதிருது. தண்ணி அந்த பெல்ட் வரைக்கும் ஏறி நின்னுச்சுன்னு அந்தக் கோடே சொல்லிரும்.

கடைசியா சாவிய ஆன்ல மட்டும் வச்சு, ஸ்டார்ட் பண்ணாம, மீட்டரப் பாத்தேன். ஏர்பேக் லைட் எரிஞ்சு சில செகண்ட்ல அணையணும். அது எரியவே இல்ல. எரிஞ்சுகிட்டே இருந்தா கோளாறு, எரியவே இல்லன்னா யாரோ கோளாற மறைச்சிருக்கலாம். ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டி பல வண்டில கியர் பக்கத்துல, தரையோட தரையா இருக்கும். தண்ணி முதல்ல தொடுற சமாச்சாரத்துல அதுவும் ஒண்ணு.

தம்பி வாங்கல. ரெண்டு வாரத்துல வேற யாருக்கோ வித்துட்டாங்க.

மாடிவீட்டு டீச்சர்

சார் நீங்க சொல்ற பின் சீட்டு பெல்ட்ட இப்பத்தான் ஓடிப்போய் இழுத்துப் பாத்துட்டு வரேன், இருக்கு கோடு 😭 ஆனா எங்களுக்கு விஷயம் தெரிஞ்சே ஒரு வருஷம் ஆச்சு.

2024 மே மாசம் வாங்கினோம், திருநெல்வேலி வண்டி, உள்ள நல்ல மல்லிகைப்பூ வாசம், டேஷ்போர்டுல ஒண்ணு, ஏசி வென்ட்ல ஒண்ணுன்னு சென்ட் வச்சிருந்தாங்க, எங்க வீட்டுக்காரர் எவ்வளவு நீட்டா மெயின்டெய்ன் பண்ணிருக்காங்க பாருன்னு அதையே புகழ்ந்தாரு. வெயில் காலம் பூரா ஒண்ணும் இல்ல. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் உள்ள ஊறின கோணி சாக்கு நாத்தம். அப்புறம் ஜன்னல் கண்ணாடி தானா இறங்கும், ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாரன் தானா அடிச்சு தெருவே எழுந்திருச்சு, எதிர்வீட்டுத் தாத்தா இன்னும் எங்ககூட சரியா பேசல.

எலக்ட்ரீஷியன் கார்பெட்டத் தூக்கிக் காட்டினாரு. மேல புது கார்பெட், அதுக்கு அடில பழைய ஸ்பாஞ்ச் அப்படியே இருக்கு, பிழிஞ்சா தண்ணி. சீட்டுக்கு அடில மஞ்சக் கலர் கனெக்டர் ஒண்ண கழட்டிக் காட்டினாரு, உள்ள பின்னெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு, கோயில் செம்புக்குடத்துல பூக்குமே அந்தப் பச்சை. வயரிங் மாத்த மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல போச்சு, இன்னும் முழுசா சரியாகல. விக்கவும் மனசு வரல, இன்னொருத்தர் தலைல கட்டணும்ல.

ரெண்டாவது குறுக்குத்தெரு

ரொம்ப சிம்பிள் சார். ஹெட்லைட் உள்ள பனி மாதிரி தண்ணி இருந்தா வெள்ளத்து வண்டி, என்சிபி ஜீரோன்னா ஆக்சிடென்ட் வண்டி. நான் இந்த ரெண்டும்தான் பாப்பேன், இதுவரைக்கும் ஏமாந்தது இல்ல.

ஓய்வு சர்வேயர்

பாதி சரி. ஹெட்லைட்டுக்குக் காத்து போக துளை வச்சிருப்பாங்க, மழைலயோ வண்டி கழுவின பிறகோ உள்ள லேசா பனி பிடிக்கும், லைட்டப் போட்டு கொஞ்ச நேரம் ஓட்டினா போயிரும். அதுக்குன்னு நல்ல வண்டிய விட்றாதீங்க. உள்ள அடில மண் படிஞ்சு கோடு போட்டிருந்தாத்தான் சந்தேகப்படணும்.

என்சிபியும் அப்படித்தான், அது வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. விக்கிறவர் தன்னோட 50 சதவீதத்த எடுத்துப் புதுக் காருக்கு மாத்திருக்கலாம். இல்ல அவரே செகண்ட் ஹேண்டா வாங்கினவரா இருந்தா பூஜ்யத்துலருந்துதான் ஆரம்பிச்சிருப்பார். ஒரே ஓனர், வருஷா வருஷம் ரின்யூ, நடுவுல மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்துச்சுன்னாத்தான் அது கிளெய்ம். அதனால ஒரு வருஷப் பேப்பர் போதாது, மூணு வருஷப் பேப்பரக் கேளுங்க. தொலைஞ்சு போச்சுன்னா ஏஜென்ட்டுக்கு ஒரு மெயில் போட்டா வந்துரும், அதுக்கு மூஞ்சியக் கோணினா யோசிங்க.

பார்க் எதிர்ல

என் கேஸ் கொஞ்சம் சொல்லுங்க சார். என் காரை வித்து எட்டு மாசம் ஆச்சு, வாங்கினவன் இன்னும் பேர் மாத்தல, ஸ்பீடு செலான்லாம் என் போனுக்கு வருது, திண்டுக்கல் பக்கம் எங்கயோ பறக்குறான். அந்த காரும் 2015 வெள்ளத்துல நின்னதுதான், ஆனா நான் சொல்லித்தான் வித்தேன்.

ஓய்வு சர்வேயர்

நான் பேசப் போறது வாங்குறவங்களுக்கு, இருந்தாலும் இது அவசரம். படிவம் 29ல கையெழுத்துப் போட்டு அவர்ட்ட குடுத்ததோட விட்டீங்களா, ஆர்டிஓல சேத்தீங்களா? வித்த தகவலச் சொல்லவேண்டியது விக்கிறவரோட பொறுப்பு, மாநிலத்துக்குள்ளன்னா 14 நாள்ல. ஆர்சில யார் பேரோ அவர்தான் ஓனர்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, வித்துட்டேன்னு பேப்பர்ல எழுதி வாங்கினது விபத்துன்னு வந்தா காப்பாத்தாது. திங்கக்கிழமையே போங்க. டெலிவரி குடுத்த அன்னைக்கு எழுதின ரசீது, ஆளோட ஆதார் காப்பி இருந்தா எடுத்துட்டுப் போங்க.

பார்க் எதிர்ல

ரசீது இருக்கு. ஆதார் வாங்கல. பாக்குறேன்.

டாக்ஸி ஓட்டுற தம்பி

எல்லாரும் பயமுறுத்துறீங்க, நான் ஒண்ணு சொல்லட்டா. தண்ணி ஏறின வண்டின்னு தெரிஞ்சேதான் நான் ஒண்ணு வாங்கினேன், கார்பெட் நனைஞ்ச அளவுதான், சீட்டுக்கு மேல ஏறல, ஓனரே போட்டோ காட்டினாரு. ஒண்ணேகால் லட்சம் கம்மி. நானே சீட்டு கார்பெட் எல்லாம் பிரிச்சு, ஸ்பாஞ்ச தூக்கிப் போட்டுட்டு, நாலு வீல் பேரிங் மாத்தி, இன்ஜின் ஆயில் கியர் ஆயில் ரெண்டும் மாத்தி ஓட்டுறேன், டெய்லி கொடைக்கானல் ஏறி இறங்குது. முக்கியம் என்னன்னா அந்த ஓனர் தண்ணில நிக்கும்போது ஸ்டார்ட் பண்ணவே இல்ல, டோ பண்ணித்தான் எடுத்திருக்காரு. பண்ணிருந்தா சிலிண்டருக்குள்ள தண்ணி போய் கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும், அப்ப நான் தொட்டிருக்க மாட்டேன்.

ஓய்வு சர்வேயர்

ஆயில் டிப்ஸ்டிக்க உருவினா டீல பால் ஊத்தின கலர்ல இருந்துச்சா இல்லையா பாத்தீங்களா?

டாக்ஸி ஓட்டுற தம்பி

பாத்தேண்ணே, தெளிவா இருந்துச்சு. ஆனா ஒருத்தன் ஆயில் மாத்திட்டு விக்க வந்தா அதுல ஒண்ணும் தெரியாதுல்ல.

ஓய்வு சர்வேயர்

தெரியாது, அது உண்மை. நீங்க மெக்கானிக் வேலை தெரிஞ்சவர், ஓனரும் உண்மையச் சொன்னவர், விலையும் குறைஞ்சுது, அதனால ஓடுது. ஏர்பேக் அன்னைக்கு விரியுமா விரியாதான்னு மட்டும் எனக்கு நெருடிக்கிட்டே இருக்கும். குடும்பத்த உக்கார வைக்கிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

டாக்ஸி ஓட்டுற தம்பி

ஸ்கேனர் போட்டுப் பாத்தாச்சு, எரர் இல்ல. எரர் இல்லன்னா விரியும்தானே?

மாடிவீட்டு டீச்சர்

எங்களுதுலயும் வாங்கும்போது ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல தம்பி. ஆறு மாசம் கழிச்சுத்தான் ஆரம்பிச்சுச்சு. அந்தப் பச்சை மெதுவாத்தான் பூக்கும் போல.

வாட்டர் டேங்க் தெரு அக்கா

சர்வீஸ் சென்டர்ல நம்பர் சொன்னா எல்லா ஹிஸ்டரியும் குடுப்பாங்கன்னு சொல்றாங்களே? நான் போய்க் கேட்டேன், ஓனர் வந்தாத்தான்னு சொல்லிட்டாங்க.

ஓய்வு சர்வேயர்

இடத்துக்கு இடம் மாறும்மா. ஓனரையே போன்ல பிடிச்சு அங்க பேச வச்சா பல இடத்துல குடுத்துருவாங்க. கிடைச்சா கிலோமீட்டர மட்டும் பாக்காதீங்க, தேதிகளப் பாருங்க. நான் சொன்ன ஹேட்ச்பேக் ஆறு மாசத்துக்கு ஒருதடவ கரெக்டா சர்வீஸுக்கு வந்த வண்டி, 2023 நவம்பரோட நிக்குது, அதுக்கப்புறம் ஒரு வரி கூட இல்ல.

வாட்டர் டேங்க் தெரு அக்கா

அப்ப ஒரு உதவி சார். என் தம்பி ஒரு வண்டி பேசி முடிக்கிற நிலைமைல இருக்கான், டிஎன் 69, தூத்துக்குடி. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கே கொண்டு வரச் சொல்லட்டுமா? எல்லாரும் பாத்த மாதிரியும் இருக்கும்.

ஓய்வு சர்வேயர்

தாராளமா வரச் சொல்லுங்க. கழுவாம கொண்டு வரச் சொல்லுங்க, சென்ட் எதுவும் இருந்தா முதல் நாளே எடுத்துட்டு கண்ணாடிய ஏத்தி மூடி வச்சிருக்கச் சொல்லுங்க. அட்வான்ஸ் குடுத்துட்டானா?

வாட்டர் டேங்க் தெரு அக்கா

பத்தாயிரம் குடுத்துட்டான் சார் 🙈