பொருள்: 'சந்தைப்படுத்தல் கலவை' சரியா? 'இடம்' போதுமா?

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். குடியிருப்புப் பகுதியில் திறந்த புது பேக்கரி ஒன்றுதான் அதில் முழுக்க எடுத்துக்காட்டு. ஒரு பொருளை விற்க எடுக்கும் முடிவுகளின் தொகுப்பான மார்க்கெட்டிங் மிக்ஸைச் 'சந்தைப்படுத்தல் கலவை' என்று எழுதினேன். அதன் நான்கு கூறுகளுக்கும் பொருள், விலை, இடம், மேம்பாடு என்று போட்டேன். திரும்பப் படித்தால் கலவை சிமெண்ட் வேலையை நினைவூட்டுகிறது. ப்ரமோஷனுக்கு 'மேம்பாடு' ஒட்டவே இல்லை. என்ன செய்யலாம்?

பொறியாளர்:
கலவையே இருக்கட்டும், எல்லோருக்கும் புரியும். மேம்பாட்டை எடுத்துவிட்டு 'விளம்பரம்' என்று போடுங்கள். இடம் என்பது கடை இருக்கும் இடம்தானே, அதில் என்ன குழப்பம்?

பேக்கரி நடத்துபவர்:
எங்களிடம் மிக்ஸ் என்றால் மூட்டையில் வரும் ரெடிமேட் மாவு. தண்ணீரும் ஈஸ்ட்டும் சேர்த்தால் போதும். அதற்கு 'மாவுக்கலவை' என்றே சொல்லலாமே?

வணிகவியல் ஆசிரியை:
மொழிபெயர்ப்பாளர் கேட்டது வேறு மிக்ஸ், ஆனாலும் சொல்லின் வேருக்குப் பக்கத்தில்தான் வந்திருக்கிறீர்கள். 1948இல் ஜேம்ஸ் கல்லிட்டன், நிறுவன நிர்வாகியைப் பல பொருள்களைச் சேர்த்துக் கலப்பவர் என்று வர்ணித்தார். நீல் போர்டன் அதைப் பிடித்துக்கொண்டு 'மார்க்கெட்டிங் மிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பினார். அவர் பட்டியலில் 12 கூறுகள் இருந்தன. 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி அவற்றை நான்காகச் சுருக்கினார். ஆகச் சொல் பிறந்ததே சமையலறை உவமையில்தான். அதனால் 'சேர்மானம்' என்கிறேன். மருந்துக்குச் சேர்மானம் சொல்லும்போது ஒன்றின் அளவை மாற்றினால் மற்றதையும் பார்க்க வேண்டும் என்பது தானாகப் புரியும். கலவையில் அது வராது.

கையேட்டின் பேக்கரியையே எடுத்துக்கொள்வோம். ஒரு ரொட்டியின் விலை 100, மாவு முதலிய செலவு 40, கையில் நிற்பது 60. ஒரு நாளில் 90 விற்கிறது, மொத்தம் 5,400. அடுப்பில் இரண்டு ஈடு போட்டால் அதிகபட்சம் 120தான் வரும். கூட்டம் சேர்க்க விலையை 80 ஆக்கினால் ஒவ்வொன்றிலும் நிற்பது 40. பழைய 5,400ஐ எட்டவே 135 விற்க வேண்டும், அடுப்போ 120க்கு மேல் தராது. அத்தனையும் விற்றாலும் 4,800தான். கடை நிரம்பி வழியும், கல்லா இளைக்கும். விலையில் கை வைத்தோம், இடித்தது அடுப்பில்.

இப்போது விலையைத் தொடாமல், மீதி 30 ரொட்டியைப் பக்கத்து உணவகத்துக்கு 70 வீதம் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 30 நின்றாலும் 900 கூடுகிறது. கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு அதற்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். இந்த முடிவு விலையைப் பற்றியது மட்டுமல்ல, 'ப்ளேஸ்' பற்றியதும்கூட. கடை ஓர் அடிகூட நகரவில்லையே! அதனால்தான் 'இடம்' போதாது.

பேக்கரி நடத்துபவர்:
ஆசிரியை அம்மா சொன்ன விலைக் கணக்கை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். மிஞ்சியதை மாலை ஆறு மணிக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். முதல் வாரம் தட்டு காலி, சந்தோஷம். அப்புறம் கவனித்தால் காலையில் வருகிறவர்களே ஆறு மணிக்கு வந்து நிற்கிறார்கள்! காலை விற்பனை குறைந்ததால் மாலையில் இன்னும் அதிகமாக மிஞ்சியது. இப்போது மிஞ்சினால் ரஸ்க்காக்கி மறுநாள் விற்கிறேன்.

இன்னொன்று. கடை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஏழு மணிக்குக் கிடைக்குமா, வீட்டுக்கு வருமா என்றுதான் கேட்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
நீங்களே சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள்: 'கிடைப்பு'. எங்கே, எப்போது, யார் வழியாக என்பதெல்லாம் அதில் அடங்குகிறது.

பொறியாளர்:
கிடைப்பை நாங்கள் 'அவைலபிலிட்டி'க்குப் பயன்படுத்துகிறோமே. 'சேர்ப்பு வழி' என்றால்?

வணிகவியல் ஆசிரியை:
அது நடுவில் நிற்கும் உணவகத்தையும் வண்டியையும் மட்டும் சொல்கிறது. ஏழு மணி விடுபடுகிறது. நான் கிடைப்பின் பக்கம்.

விளம்பரம் மட்டும் வேண்டாம். கடைவாசலில் சுவைக்கக் கொடுக்கும் துண்டும், கல்லாவில் நிற்பவர் "இது இப்போதுதான் இறக்கியது" என்று சொல்வதும் ப்ரமோஷன்தான். அந்த ஆறு மணி தள்ளுபடியும் அதே வகை. காசு கொடுத்து வெளியிடும் விளம்பரம் அதில் ஒரு பகுதி. 'பரப்புரை' பொருந்தும், ஆனால் தேர்தல் வாடை அடிக்கிறது.

பேக்கரி நடத்துபவர்:
நாங்கள் 'ஆள் இழுப்பது' என்போம். அச்சில் போட முடியாது, தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்:
சேர்மானம், பொருள், விலை, கிடைப்பு வரை எழுதிவிட்டேன். பொறியாளர் 'சேர்ப்பு வழி'யை விடுவதாக இல்லை என்பதால் அதையும் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். நான்காவதற்கு 'ஈர்ப்புப் பணி' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். யாருக்காவது இதைவிடச் சின்னதாக ஒன்று தோன்றினால் சொல்லுங்கள்.