குழுவின் சொந்தப் படமா, ஸ்டாக் படமா: முன்பணம் தரத் தயங்குபவர் எதைப் பார்க்கிறார்?

கூரைவேலை: நாங்கள் 5 பேர், வீட்டுக் கூரையில் சோலார் பேனல் பொருத்துகிறோம். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் மொபைலில் எடுத்த எங்கள் படம் இருக்கிறது, வெளிச்சம் சுமார்தான். தளம் செய்து தருபவர் அதை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடக்கூடிய ஸ்டாக் படம் போடச் சொல்கிறார். முன்பணம் தரத் தயங்குகிற ஆளுக்கு எது நம்பிக்கை தரும்?

வடிவன்: அவர் சொல்வது சரி. மங்கலான படத்தைப் பார்த்தால் “வேலையும் இப்படித்தான் இருக்கும்” என்று தோன்றிவிடும். பக்கம் திறந்த உடனே விழும் அபிப்பிராயம் அது, பிறகு மாற்றுவது கஷ்டம்.

மாடித்தோட்டம்: எந்த பேனல் கம்பெனி என்று சொன்னால் அவர்களே நல்ல படம் தருவார்களே? எங்கள் வீட்டுக்கு வாங்கியபோது அதைப் பார்த்துத்தான் வாங்கினோம்.

கூரைவேலை: பேனல் படம் இல்லைங்க, ஆட்களின் படம்.

நிழலளவு: வடிவன், மங்கலுக்கு மருந்து வேறு படம் எடுப்பதுதான், வேறு முகங்களை வைப்பது அல்ல. இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2010இல் கண்ணசைவுச் சோதனைகளைப் பற்றி எழுதினார். அழகுக்காக வைத்த படங்களை ஆட்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறார்கள், நிஜப் பணியாளர்களின் படங்களில் நிற்கிறார்கள். ஒரு குழுப் பக்கத்தில் அறிமுக எழுத்து படங்களைவிடப் பல மடங்கு இடம் எடுத்திருந்தும், முகங்களைப் பார்க்கச் செலவான நேரம் எழுத்தைப் படித்த நேரத்தைவிட 10 சதவீதம் அதிகம்.

சோலார் விஷயத்தில் இன்னொன்று. ஸ்டாக் படத்து ஆள் கீறலே இல்லாத ஹெல்மெட்டோடு கைகட்டி நிற்பார், பின்னால் நீலநிற பாலி பேனல். நீங்கள் தருவது அனேகமாகக் கறுப்பு மோனோ பேனல். நாலு இடத்தில் விலை கேட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த நிற வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

வடிவன்: பார்ப்பது வேறு, பணம் கட்டுவது வேறு. அந்தச் சோதனை முதலாவதை மட்டும்தான் அளந்தது.

நிழலளவு: அது உண்மை. அதை வைத்து விற்பனை கூடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மீரா_வீடு: நான் வாங்கும் பக்கத்து ஆள். ஒரு தளத்தில் ‘தலைமைப் பொறியாளர்’ படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். அதே ஆள், அதே சட்டை, வேறொரு தளத்தில் குழாய் பழுது பார்ப்பவர். அப்புறம் அவர்கள் எழுதியிருந்த வாரண்டி வருடங்களையும் என்னால் நம்ப முடியவில்லை. படம் பொய் என்பதைவிட, அந்த ஆளுக்கு ஒரு பதவி கொடுத்திருந்தார்களே, அதுதான் உறுத்தியது.

நிழலளவு: அதுதான் கோடு. தலைப்புக்குப் பின்னால் வானமும் கூரையும் ஸ்டாக்காக இருந்தால் யாரும் ஏமாறவில்லை. முகத்தின் கீழே “எங்கள் குழு” என்று எழுதினால் அது ஒரு வாக்குமூலம். பெரிய கம்பெனிகளே மாட்டியிருக்கின்றன: 2004இல் டெல், கேட்வே என்ற இரண்டு போட்டிக் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் விளம்பரத்திலும் ஒரே மாடல் பெண்ணின் படம் வந்தது.

கணக்கர்: சொந்தப் படத்தை ரொம்ப நம்பாதீர்கள். மோசடிக்காரன் இன்னொரு குழுவின் நிஜப் படத்தைத் திருடிப் போட்டால்? சின்னக் குழுவின் படம் அவ்வளவாகப் பரவியிருக்காது, லென்ஸ் ஒன்றும் காட்டாமலும் போகலாம்.

நிழலளவு: நல்ல கேள்வி. படம் தனியாக எதையும் நிரூபிக்காது, சரிபார்க்க வழி கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. படத்தில் இருப்பவரே கூரையை அளக்க வர வேண்டும். வருவதற்கு முந்தைய நாள் “நாளை இவர் வருவார்” என்று அதே படத்தை அனுப்புங்கள். திருடிய படத்தை வைத்திருப்பவனால் இதைச் செய்ய முடியாது.

மீரா_வீடு: எனக்கு அப்படி அனுப்பியிருந்தால் முன்பணத்துக்கு இரண்டு நாள் யோசித்திருக்க மாட்டேன்.

கூரைவேலை: ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் எங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “ஓரத்தில் நிற்பவர் இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லையே, விழுந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஆர்டர் வரவில்லை.

வடிவன்: பாருங்கள், சொந்தப் படம் உங்களைக் காட்டிக் கொடுத்தது.

நிழலளவு: படம் காட்டிக் கொடுத்தது உங்களை அல்ல, வேலையில் இருந்த குறையை. கயிறு கட்டிவிட்டு எடுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, மொபைல் கேமராவைத் துடைத்துவிட்டு, ஆட்கள் பேனலைத் தாங்கும் ரெயிலைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே எடுங்கள். வடிவன் கேட்கிற தெளிவும் வந்துவிடும்.

கணக்கர்: ஐவரில் ஒருவர் முகம் போட வேண்டாம் என்றால்? வேலையை விட்டுப் போனால்?

கூரைவேலை: ஒருவர் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார். நால்வர் மட்டும் நின்றால் ‘5 பேர்’ என்று எழுதியிருப்பது பொய்யாகத் தெரியுமா?

மீரா_வீடு: எனக்குத் தெரியாது. ஆனால் நான் எண்ணிப் பார்ப்பேன்.