ஃபித்ரா: குடும்பம் ஓரிடம், நான் ஓரிடம்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஷாஃபி மத்ஹப், வேலைக்காக வெளியே இருக்கிறேன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அத்தாவோடு இருக்கிறார்கள். மூன்றாவது குழந்தை பெருநாளை ஒட்டிப் பிறக்கும் என்கிறார்கள். எத்தனை பேருக்கு ஃபித்ரா? இங்கே பெருநாள் தொழுதுவிட்டு ஊர்ச் சங்கத்துக்குப் பணம் அனுப்பினால் போதுமா?

*

தம்பி, ஜகாத் கடமையானவருக்குத்தான் ஃபித்ராவும். பணம் ஒரு வருடம் கையில் நிற்க வேண்டும். உனக்குக் கடன் இருக்கிறது, விட்டுவிடு.

*

எங்கள் உம்மா நோயால் நோன்பு பிடிக்கவில்லை, ஃபித்யா கொடுத்துவிட்டோம். அப்போ ஃபித்ரா வேண்டாம்தானே?

*

வ அலைக்கும் ஸலாம். காக்கா சொன்னது பாதிதான் சரி. கடன் போக, ஜகாத் கடமையாகும் நிஸாப் அளவு இருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹப். அங்கேயும் வருடம் பூர்த்தியாக வேண்டியதில்லை. ஷாஃபியில், பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தனக்கும் தன் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் தேவையானது போக மிச்சம் இருந்தாலே கடமை. அதனால்தான் ஃபித்ரா வாங்கும் ஏழையே தானும் கொடுக்க வேண்டியவராக இருக்கலாம். கடன்காரர் விஷயத்தில் ஷாஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி ஷாஃபி என்பதால் அப்படியே கணக்குப் போடுகிறேன். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அத்தா வருமானமில்லாமல் உங்கள் பொறுப்பில் இருந்தால் அவரும்: ஐந்து பேர். குழந்தை ரமலானின் கடைசி நாள் மஃரிபுக்கு முன் பிறந்தால் ஆறு. சூரியன் மறைந்தபின் பிறந்தால் அதற்குக் கடமையில்லை.

தலைக்கு ஒரு ஸாஉ, அந்த இடத்தின் பிரதான தானியத்தில். ஸாஉ முகத்தல் அளவு என்பதால் எடை தானியத்துக்குத் தானியம் மாறும். 3 கிலோ வைத்தால் குறை வராது. ஐந்து பேருக்கு 15 கிலோ. அதில் உங்களுடைய 3 கிலோ நீங்கள் இருக்கும் இடத்திலேயே, மற்ற 12 கிலோ அவர்கள் இருக்கும் இடத்தில்.

தொழுதுவிட்டு அனுப்புவதுதான் சிக்கல். சங்கம் உங்கள் சார்பில் கொடுக்கும் வகீல் மட்டுமே. சங்கத்தின் கணக்கில் பணம் விழுந்ததும் கடமை தீராது, ஏழையின் கையில் சேர வேண்டும். அதுவும் அங்கே பெருநாள் தொழுகைக்கு முன். தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது சாதாரண தர்மம் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. தாமதித்தாலும் பொறுப்பு நீங்காது, கொடுத்தே ஆக வேண்டும். ஷாஃபியில் ரமலான் தொடக்கத்திலிருந்தே கொடுக்கலாம் என்பதால் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

உம்மாவைப் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு: ஃபித்யா விட்ட நோன்புக்கு. ஃபித்ரா தனி, அதையும் கொடுங்கள்.

*

ஜஸாகல்லாஹ் ஹைரன் லாத்தா. என் தங்கை விதவை, கஷ்டப்படுகிறாள். அவளுக்கே கொடுக்கலாமா?

*

தாராளமாக. அவளுடைய செலவு உங்கள்மீது கடமையில்லாததால் ஏழையான தங்கை வாங்கலாம். மனைவி, பிள்ளைகள், உங்கள் பொறுப்பில் உள்ள அத்தா வாங்க முடியாது.

*

சங்கப் பொருளாளர்: தானியமா, பணமா? ஹனஃபிக்காரர்கள் கிரயமாகத் தருகிறார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுத் தானியம் வாங்கலாமா என்று கமிட்டியில் இன்னும் முடிவாகவில்லை. அனுப்புகிறவர்கள் எத்தனை பேருக்கு, எந்த மத்ஹப் என்று எழுதுங்கள்.

*

ஒன்று விட்டுப்போச்சு. அத்தாவுக்கு வீட்டு வாடகை வருகிறது, அவர் செலவுக்குப் போதும்.

*

அப்படியானால் அவருடையது அவர்மீதே கடமை. நீங்கள் கொடுக்க விரும்பினால் முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள்.