புதுப்பிப்பு: கும்பகோணம் வீடு விற்ற வரி

நான் கேட்டது: “அப்பா வீட்டை விற்ற 60 லட்சத்தையும் புது வீட்டில் போட்டால்தான் வரிவிலக்கா?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. இல்லை, லாபத்தைப் போட்டால் போதும். 54-வது பிரிவைக் காட்டிய ஓய்வுபெற்ற வங்கி அண்ணன் சொன்னதே சரி. லாபம் இன்னொரு வீடாக மாறிவிட்டால் வரி கட்டக் கையில் காசு இருக்காது, அதுதான் விலக்கின் நியாயம். முழுத்தொகை என்றவர் காலிமனை விற்றவர், முழுத்தொகையும் கேட்கும் 54எஃப் பிரிவுதான் அவருக்கு.

பழைய வீடு என்பதால் வாங்கிய விலைக்குப் பதில் கழிப்பது 2001 மதிப்பு, அது 10 லட்சம், ஆகவே லாபம் 50. தஞ்சாவூரில் கட்டும் வீட்டுக்கு 30 செலவாகியிருந்தது. மீதி 20-ஐ ரிட்டர்ன் கெடுவுக்குள் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டேன்.

எதிர்பாராதது: கிராமக் கிளையில் அந்தக் கணக்கு திறக்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் பாஸ்புக்கும் கையுமாக நகரக் கிளைக்கு ஓடினேன். அப்புறம், எடுக்கும் பணத்தை 60 நாளுக்குள் செலவழிக்க வேண்டும். கொத்தனார் கேட்கும்போது மட்டும் எடுக்கிறேன். விற்ற நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வீடு முடிய வேண்டும்.

கொல்லையில் இருந்த தென்னந்தோப்பு வீட்டோடு சேருமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. சேரும் என்கிறார் ஆடிட்டர்.