கீழே ஒன்றுமே இல்லை, ஆனாலும் #SPILL! வருகிறது – நிலுவைப் பட்டியல் ஃபார்முலா

மூன்றாம்மாடி:
எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். பராமரிப்புக் கட்டணக் கணக்கு இந்த வருடம் என் தலையில் விழுந்திருக்கிறது. எக்செல் 2021. A முதல் E வரை வீட்டு எண், பெயர், கட்ட வேண்டியது, கட்டியது, நிலுவை. அதே தாளில் வலது பக்கம் H5-ல் இந்த ஃபார்முலா:

```
=FILTER(A2:E49, E2:E49>0, "நிலுவை இல்லை")
```

பாக்கி உள்ளவர்கள் மட்டும் தானாக வரிசையாக வந்துவிடுவார்கள். அதை பிரிண்ட் எடுத்து லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவோம். நான் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. இந்த மாதம் பெயின்ட் அடிக்க ஒரு தொகை கூடுதலாகப் போட்டோம், பாக்கிக்காரர்கள் 15 பேர் ஆகிவிட்டார்கள். இப்போது பட்டியலே வரவில்லை, H5-ல் #SPILL! என்று மட்டும் நிற்கிறது. கீழே வேறு ஏதாவது இருந்தால் இப்படி வரும் என்று படித்தேன். ஆனால் என் கண்ணுக்குக் கீழே எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. 21-ஆம் வரியில் மொத்தம் மட்டும் இருக்கிறது, அது தள்ளித்தானே இருக்கிறது? IFERROR போட்டும் பார்த்தேன், அப்போதும் அதே #SPILL!.

கணக்கர்_ஐயா:
தம்பி, இதற்கெல்லாம் பழைய முறைதான் நல்லது. H5-லிருந்து L16 வரை தேர்வு செய்துகொள்ளுங்கள், ஃபார்முலாவை அடித்து கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். #SPILL! வரவே வராது. நான் இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

நெசவு:
ஐயா சொல்வது சரி, எரர் வராது. ஆனால் அவர் சொன்ன இடத்தில் 12 வரிதான் இருக்கிறது, பாக்கி 15 பேர். மூன்று பேர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. நிலுவைப் பட்டியலில் அது எரரைவிட மோசம். அடுத்த மாதம் 8 பேர் மட்டும் பாக்கி என்றால், மிச்சம் நாலு வரியிலும் #N/A நிற்கும்.

மூன்றாம்மாடி சார், H5-ஐ ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்ட ஒரு பெட்டி தெரியும். ஃபார்முலாவுக்கு வேண்டிய இடம் அதுதான். எந்த வரி வரை போகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்ட ஒரு சின்ன மஞ்சள் அடையாளமும் இருக்கும், அதை அழுத்தினால் முதல் வரியில் காரணம் எழுதியிருக்கும். அந்த வாசகத்தை அப்படியே இங்கே போடுங்கள். #SPILL!-க்குக் காரணம் பல, வாசகம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

IFERROR பற்றி: அது ஃபார்முலாவின் விடையில் வரும் பிழையைத்தான் பிடிக்கும். இங்கே விடை நன்றாகவே இருக்கிறது, இறக்கி வைக்க இடம்தான் இல்லை. அதனால் எத்தனை IFERROR சுற்றினாலும் மாறாது.

குட்டித்தறி:
ஃபார்முலாவுக்கு முன்னால் ஒரு @ போட்டால் போய்விடும் அண்ணா. `=@FILTER(...)` என்று. எனக்கு அப்படித்தான் போனது.

நெசவு:
போகும். கூடவே பட்டியலும் போகும் தம்பி. ஒரே ஒரு கட்டம்தான் மிஞ்சும், முதல் பாக்கிக்காரர் வீட்டு எண். உங்களுக்கு ஒற்றை விடை போதுமாக இருந்திருக்கும், அதனால் சரியாகத் தெரிந்திருக்கும்.

மூன்றாம்மாடி:
புள்ளிக்கோடு L19 வரை போகிறது. வாசகம் "Spill range isn't blank". அதன் கீழே "Select Obstructing Cells" என்று ஒன்று இருந்தது, அழுத்தினேன். K18-க்குப் போய் நின்றது. அங்கே ஒன்றுமில்லை சார்! வெறும் கட்டம். மேலே ஃபார்முலா பட்டையும் காலி.

நெசவு:
வேறு எங்காவது, N1-ல் என்று வையுங்கள், இதைப் போடுங்கள்:

```
=LEN(K18)
```

0 வந்தால் சொல்லுங்கள். 1 வந்தால் உள்ளே ஒரு எழுத்து உட்கார்ந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. `=CODE(K18)` போட்டால் அது யார் என்று சொல்லும். 32 என்றால் ஸ்பேஸ் பார். 160 என்றால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது வந்த இடைவெளி.

மூன்றாம்மாடி:
1. அப்புறம் 32. 😑

இப்போது ஞாபகம் வருகிறது. முன்பு அந்த இடத்தில் "தயாரித்தவர்" என்று எழுதிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அதை எடுக்கும்போது நான்தான் கட்டத்தில் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டி என்டர் போட்டேன். எழுத்து மறைந்தது, அழிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். 12 பேருக்கு மேல் பட்டியல் நீண்டதே இல்லை, அதனால் 16-ஆம் வரியோடு நின்றுவிடும். 18-ஐ அது தொட்டதே இல்லை.

K18-ல் டெலிட் அழுத்தினேன். இன்னும் #SPILL! போகவில்லை. மறுபடி அதே மெனுவை அழுத்தினால் இப்போது J17-க்குப் போகிறது. அங்கே LEN போட்டால் 0! சுத்தமாகக் காலி. எக்செலுக்கே பைத்தியம் பிடித்துவிட்டதா?

நெசவு:
இல்லை, இதுதான் இதில் சுவாரசியமான இடம். N1, N2-ல் இந்த இரண்டையும் போட்டு எண்ணைச் சொல்லுங்கள்:

```
=COUNTA(H6:L19)
=COUNTBLANK(H6:L19)
```

மூன்றாம்மாடி:
COUNTA 2. COUNTBLANK 70.

நெசவு:
H6-லிருந்து L19 வரை 14 வரி, 5 பத்தி. மொத்தமே 70 கட்டம்தான். அதில் 70 காலி, 2 நிறைவு, ஆக 72. இரண்டு கட்டம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறது.

அந்த இரண்டில் நீளம் பூஜ்யமான ஒரு வாசகம் இருக்கிறது. அதாவது "" என்று ஒன்று. COUNTBLANK அதைக் காலி என்று எண்ணும், COUNTA நிறைவு என்று எண்ணும். FILTER கீழே இறங்கும்போது இந்த விஷயத்தில் COUNTA கட்சிதான்: கட்டத்துக்குள் எதுவோ இருக்கிறதென்றால் அதன் மேல் எழுதாது. உங்கள் கணக்கை அழித்துவிடக் கூடாது என்பதற்காக எக்செல் எடுக்கும் ஜாக்கிரதை அது.

எங்கிருந்து வந்திருக்கும் என்றால், அந்தப் பத்தியில் எப்போதோ `=IF(C2>0, C2, "")` மாதிரி ஒரு ஃபார்முலா இருந்திருக்கும். யாரோ அதை காப்பி செய்து, மதிப்பை மட்டும் ஒட்டியிருப்பார்கள். ஃபார்முலா போய்விடும், "" மட்டும் தங்கிவிடும்.

மூன்றாம்மாடி:
எனக்கு முன்பு பார்த்தவர் போன வருடத்து ஏப்ரல் பட்டியலை அங்கேதான் வைத்திருந்தாராம், இப்போது கேட்டேன். "எல்லாம் வேல்யூவா பேஸ்ட் பண்ணிட்டேன்பா, சுத்தமா இருக்கும்" என்றார்.

நெசவு:
சுத்தம்தான். H6 முதல் L19 வரை தேர்வு செய்து டெலிட் அழுத்துங்கள், ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். H5-ஐ மட்டும் தொடாதீர்கள், ஃபார்முலா அங்கேதான். நிறமும் கோடும் தடையாக இருக்காது, அதை அழிக்க வேண்டியதில்லை.

பூக்கடை_செல்வி:
அண்ணா, எனக்கும் இதேதான். ஆனால் #SPILL! இல்லை, #REF! வருகிறது. நானும் கீழே டெலிட் செய்து பார்த்தேன்.

நெசவு:
நீங்கள் கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துகிறீர்களா அம்மா? அங்கே அதே வியாதிக்கு #REF! என்று பெயர். கட்டத்தின் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள், "would overwrite data in" என்று சொல்லி எந்தக் கட்டம் என்று பெயரோடு எழுதியிருக்கும். அதை அழித்தால் போதும். அந்த வாசகமே இல்லாத #REF! என்றால் வேறு விஷயம், ஏதோ பத்தியை நீக்கியிருப்பீர்கள்.

பூக்கடை_செல்வி:
ஆமாம், கூகுள்தான். மெசேஜில் D30 என்று இருக்கிறது. பார்க்கிறேன்.

தாமிரபரணி:
என் தாளில் அதே பெட்டியில் "Spill range in table" என்று வருகிறது. கீழே எதை அழிப்பது?

நெசவு:
எதையும் அழிக்காதீர்கள், அழித்தாலும் பயன் இல்லை. இன்செர்ட் டேபிள் போட்ட அட்டவணைக்குள் இந்த மாதிரி வழியும் ஃபார்முலாவே வேலை செய்யாது. அட்டவணைக்கு வெளியே எழுதுங்கள்.

மூன்றாம்மாடி:
வந்துவிட்டது! 15 பேரும் வந்துவிட்டார்கள், L19 வரை. நன்றி சார்.

இன்னும் ஒன்று. மொத்தம் 21-ஆம் வரியில் இருக்கிறது. அடுத்த மாதம் 17 பேர் ஆனால் மறுபடி இடிக்கும்தானே?

நெசவு:
17 பேர் என்றால் H5-லிருந்து 21-ஆம் வரி வரை வேண்டும், மிகச் சரியாக மொத்தத்தின் மேல் இடிக்கும். மொத்தத்தைப் பட்டியலுக்கு மேலே, 3-ஆம் வரிக்குக் கொண்டு போங்கள். பட்டியலைப் பார்த்துக் கூட்டவும் வேண்டாம், மூலத்திலிருந்தே எடுங்கள்:

```
=SUMIF(E2:E49, ">0")
```

SUM போட்டால், முன்கூட்டியே கட்டியவர்களுக்கு நிலுவை மைனஸில் இருக்குமே, அது பாக்கியிலிருந்து கழிந்துவிடும். அதனால் SUMIF. இன்னொரு வசதி, பட்டியல் #SPILL! ஆகி நின்றாலும் மொத்தம் சரியாகவே இருக்கும்.

மூன்றாம்மாடி:
எங்கள் செயலாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் சார். "கூட்டுத்தொகை கீழேதான் இருக்கணும், மேலே வெச்சா யாரும் நம்ப மாட்டாங்க" என்பார்.

குட்டித்தறி:
VSTACK போட்டு மொத்தத்தைப் பட்டியலின் கடைசி வரியாகவே ஒட்டிவிடலாம் அண்ணா. பட்டியல் நீண்டால் மொத்தமும் கூடவே இறங்கும்.

```
=VSTACK(FILTER(A2:E49, E2:E49>0),
 HSTACK("மொத்தம்","","","",SUMIF(E2:E49,">0")))
```

நெசவு:
இந்தத் தடவை தம்பி சொன்னது நல்ல யோசனை. மூன்றாம் மதிப்பு விட்டுப் போயிருக்கிறது, ஒருவரும் பாக்கி இல்லாத மாதம் முதல் வரியில் #CALC! நிற்கும், அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் வைத்திருப்பது எக்செல் 2021. VSTACK, HSTACK இரண்டும் அதில் கிடையாது, #NAME? என்றுதான் வரும். 365 அல்லது 2024 வேண்டும்.

குட்டித்தறி:
அட, 2021 என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். கவனிக்கவில்லை. அதில் LET-டும் SEQUENCE-ம் இருக்குமே, அதை வைத்துச் செய்ய முடியாதா?

நெசவு:
முடியும். ஆனால் பாதிப் பக்க நீளத்துக்கு ஒரு ஃபார்முலா வரும், அடுத்த வருடம் பொறுப்பேற்பவர் அதைத் தொட்டால் அழுதுவிடுவார். நான் போட மாட்டேன். யாராவது சின்னதாக எழுதிக் காட்டினால் பார்க்கலாம்.

கணக்கர்_ஐயா:
48 வீடுதானே? எல்லோரும் பாக்கி வைத்தாலும் 52-ஆம் வரியோடு முடிந்துவிடும். மொத்தத்தை 55-ல் வைத்துவிடுங்கள், இடிக்க வழியே இல்லை.

நெசவு:
ஐயா, இது சரியான பதில். பிரிண்ட் எடுக்கும்போது நடுவில் முப்பது வரிக்கு மேல் வெள்ளையாக இருக்கும், அது ஒன்றுதான்.

மூன்றாம்மாடி:
55-ல் வைத்துவிட்டு, வெள்ளை வரிகளை மறைத்துத்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும். மாதாமாதம் மறைத்த வரியைத் திறக்க மறந்தால் பாக்கிக்காரர்கள் அதற்குள் ஒளிந்துகொள்வார்கள், அதுவும் பயமாக இருக்கிறது. இப்போதைக்கு மேலே 3-ஆம் வரியில் வைத்திருக்கிறேன். ஞாயிறு கூட்டத்தில் செயலாளர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.