புதுப்பிப்பு: தொழில் உரிமம் பற்றி நகராட்சிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது

என் கேள்வி: "மாவு மில் உரிமத்தைப் புதுப்பிக்கப் பணம் கட்டிவிட்டேன், சான்றிதழ் வரவில்லை. ஆணையருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?"

இங்கே பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, ஓய்வுபெற்ற வருவாய் அலுவலர் ஐயா சொன்ன வழி. 'பார்வை' என்ற இடத்தில் பழைய உரிம எண், கட்டண ரசீது எண், இரண்டின் தேதிகள். கோரிக்கை ஒரே வரி: "விண்ணப்பத்தில் குறைபாடு ஏதும் இருப்பின் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." நிலை என்ன என்று மட்டும் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று முடித்துவிடுவார்களாம். குறையைக் கேட்டால் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார் ஒருவர். அதுவும் சரிதான், ஆனால் நேரில் கொடுத்து நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்கியதே எனக்குப் போதுமாக இருந்தது. பேக்கரி வைத்திருக்கும் அண்ணன் சொன்னது உணவுப் பாதுகாப்புத் துறை உரிமம் பற்றி. அது வேறு அலுவலகம்.

எதிர்பாராதது: குறை என் பக்கம் இல்லை. கட்டடத்துக்குச் சொத்து வரி பாக்கி. வாடகைக் கடை என்பதால் எனக்குத் தெரிய வழியே இல்லை. நானே கட்டி, ரசீதைக் கொடுத்த பிறகுதான் சான்றிதழ் வந்தது. அந்தப் பணத்தை வாடகையில் கழிக்கக் கட்டட உரிமையாளர் இன்னும் சம்மதிக்கவில்லை.