76 போலத் தெரிந்தது, கூட்டினால் 99: மூன்று கொட்டேஷன் பார்த்த அனுபவம்

கணக்குப்புலி:
தங்கை கல்யாணத்துக்கு மண்டபம், சாப்பாடு, அலங்காரம் மூன்றுக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று வீட்டில் ஒரு தொகையை முடிவு செய்துவிட்டோம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. அந்தத் தொகையை இங்கே 100 என்று வைத்துக்கொள்கிறேன். அப்படிச் சொன்னால் யாரும் தங்கள் பட்ஜெட்டோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். விருந்தினர் சுமார் 400 பேர்.

குடும்ப குரூப்பில் ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட் போட்டார்கள். முதல் செட்: மண்டபம் 22, சாப்பாடு ஒரு பிளேட் 0.10 வீதம் 40, அலங்காரம் 14. மொத்தம் 76. இரண்டாவது செட்: மண்டபம் 30, பிளேட் 0.115 வீதம் 46, அலங்காரம் 18. மொத்தம் 94. மாமா உடனே "76-ஐப் பிடி, மிச்சம் 24-ல நகை எடுக்கலாம்" என்று எழுதிவிட்டார்.

அந்தப் படங்கள் எல்லாமே விலை இருக்கிற இடத்தோடு வெட்டப்பட்டவை. ஒன்றில் கீழே பாதி எழுத்து தெரிந்தது, "வரி" என்று மட்டும். அதனால் ஆறு பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: முழுப் பக்கமும் அனுப்புங்கள், தேதியோடு, இதில் எது சேர்த்தி, எது தனி என்று எழுதித் தாருங்கள். பதில் வந்ததும் முதல் செட் வேறு மாதிரி ஆனது.

22 சொன்ன மண்டபத்தில் வெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வந்தால் 3 தனி. சுத்தம் செய்ய 1.5. கரண்ட் மீட்டர் பார்த்துக் கட்டணம், அதே அளவு கூட்டத்துக்கு வழக்கமாக 2 வரும் என்றார்கள். நாற்காலி 250 மட்டும்தான், மீதி 150-க்கு 1. இதுவரை பரவாயில்லை. ஆனால் மண்டபம் நம் கைக்கு வருவது விழா நாள் காலையில். அலங்காரக்காரருக்கோ முந்தின நாள் சாயங்காலமே இடம் வேண்டும். அதற்கு அரை நாள் வாடகை 4. ஆக மண்டபம் 33.5. முப்பது சொன்ன மண்டபத்தில் இவை எல்லாமே உள்ளே, முந்தின நாள் சாயங்காலம் சாவியும் தருகிறார்கள்.

சாப்பாட்டில் 0.10 சொன்னவருக்குப் பரிமாறும் ஆட்கள் 3, தண்ணீர், மேஜை விரிப்பு வகையில் 1.5, அப்புறம் அவர் எழுதிக் கொடுத்தபடி எல்லாவற்றின் மேலும் 10 சதவீதம் வரி. 44.5 என்பது 48.95 ஆகிறது. 46 சொன்னவர் வரியோடு, ஆட்களோடு சொல்லியிருக்கிறார். அலங்காரம் 14-க்கு வாசல் விளக்கும் வண்டிச் செலவும் சேரவில்லை, அதற்கு 3.

33.5, 48.95, 17. கூட்டினால் 99.45. மாமா அதற்கப்புறம் நகையைப் பற்றிப் பேசவில்லை.

மழைக்காலம்:
அக்கா, மண்டபத்தில் அட்வான்ஸ் தவிர டெபாசிட் வேறு கேட்பார்களே, அதை ஏன் கூட்டவில்லை? நாங்கள் கூட்டினோம், பட்ஜெட் உடைந்தது. அதனால் அந்த மண்டபத்தையே விட்டுவிட்டோம்.

கணக்குப்புலி:
டெபாசிட் திரும்பி வரும் பணம், தம்பி. செலவில் சேராது. ஆனால் விழா நாளன்று கையில் அந்தப் பணம் இருக்க வேண்டும் என்பது சரி. நான் அதைத் தனிப் பத்தியில் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கெல்லாம் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள் என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பந்தி விசாரணை:
சமையல் ஒப்பந்த வேலையில் இருந்தவன் நான். உங்கள் கணக்கு சரி, ஆனால் 400 பேருக்குத்தான் சரி. மினிமம் கேரண்டி எத்தனை என்று இருவரிடமும் கேட்டீர்களா? நாற்பத்தாறு சொன்னவர் 400 பிளேட்டுக்குக் குறைந்தால் விலையைக் குறைக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பிளேட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக, எல்லாம் சேர்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

கணக்குப்புலி:
ஆமாம் சார், அவருக்கு 400. மற்றவருக்கு 350.

பந்தி விசாரணை:
அப்படியென்றால் 350 பேர் மட்டும் வந்தால் பாருங்கள். மலிவானவருக்கு 35-ம் 4.5-ம் சேர்ந்து 39.5, வரியோடு 43.45. மற்றவருக்கு அப்போதும் 46. அவர் தோற்றுப்போகிறார். சுமார் 373 பேர் வந்தால் இரண்டும் சமம். அதற்குக் கீழே மலிவானவர் நிஜமாகவே மலிவு, மேலே போனால் இல்லை. ஆகவே யார் விலை குறைவு என்று கேட்காதீர்கள், எத்தனை பேர் வருவார்கள் என்பதில் உங்களுக்கு எவ்வளவு நிச்சயம் என்று பாருங்கள். அழைப்பில் இருக்கும் எண்ணிக்கையை வைத்து ஆர்டர் கொடுப்பவர்கள்தான் அதிகம். வருகிற எண்ணிக்கை வேறு.

இன்னொன்று, எண்ணுவது யார்? தட்டை எண்ணுவார்களா, டோக்கனா, தலையா? ஒருவர் இரண்டு தட்டு எடுத்தால் இரண்டாக எழுதும் ஆட்கள் உண்டு. தட்டுக் கணக்கென்றால் சமையல் தொடங்கும் முன் தட்டுகளை உங்கள் வீட்டு ஆள் ஒருவர் எண்ணி வைக்கட்டும், முடிந்ததும் மீதியை எண்ணட்டும். அதோடு சண்டையே வராது. குழந்தைகளுக்குப் பாதி விலையா, முழு விலையா என்பதும் அங்கேயே முடிவாகட்டும்.

சின்னப்பொண்ணு:
ஸ்கிரீன்ஷாட் மங்கலாக இருந்தால் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், தெளிவாகத் தெரியும்.

கணக்குப்புலி:
மங்கல் இல்லை பாப்பா, வெட்டியிருந்தது. ஆனாலும் முழு ஃபைலாக வாங்குவது நல்லதுதான், தேதியும் பக்க எண்ணும் தெரியும்.

தெற்குக் காற்று:
தேதி என்றதும் எங்கள் கதை. சித்தப்பா அனுப்பிய அலங்கார ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மூன்று மாதம் கழித்துப் பேசப் போனோம். "இது பழைய ரேட்" என்றார் அந்தக் கடைக்காரர். மேலே வெட்டுப்பட்ட இடத்தில் "15 நாள் வரை செல்லும்" என்று இருந்திருக்கிறது. கேட்ட விலை முதலில் சொன்னதைவிட நல்ல கூடுதல். சரி, கல்யாணம் நெருங்கிவிட்டதால் பேரம் பேசவும் முடியவில்லை. அலங்காரத்தில் பூ விலையைத் தனியே பேசாமல் மொத்தத்தில் வைத்தால் கடைசி நேரத்தில் பூ குறையும், தொகை குறையாது. அது எங்களுக்கு நடந்தது.

மழைக்காலம்:
அப்போ அலங்காரத்தை 14-ல் வைத்துவிட்டு, மண்டபம், சாப்பாடு மட்டும் இரண்டாவது செட்டில் எடுக்கலாமே?

கணக்குப்புலி:
கலந்து பார்த்தேன். 30-ம் 46-ம் 17-ம் சேர்ந்து 93. முழு இரண்டாவது செட்டைவிட 1 குறைவு. ஆனால் 18 சொன்ன அலங்காரக்காரர் நாற்காலியும் அவர் கணக்கில் வைத்திருக்கிறார். நாற்காலி மண்டபத்திலேயே இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கு 1 குறைத்தார். இப்போது அதுவும் 93. ஒரே பொருள் இரண்டு கொட்டேஷனில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மூன்றையும் ஒரே தாளில் வரி வரியாக எழுதினேன், அதில்தான் இது கண்ணில் பட்டது. அவர் வேலை சுத்தமாக இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அதனால் அவர்தான்.

பந்தி விசாரணை:
ஏழு மிச்சம் வைத்திருக்கிறீர்கள், அதைத் தொடாதீர்கள். மண்டபத்தைக் காலி செய்யத் தாமதமானால் மணிக்கு எவ்வளவு என்று கேட்டீர்களா?

கணக்குப்புலி:
இரண்டு முறை கேட்டாகிவிட்டது சார். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்கிறார் மேனேஜர். எழுதித் தரும்வரை அட்வான்ஸ் கொடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. நாளை நேரில் போகிறோம்.